வெள்ளத்தில் பள்ளி மூன்று வாரம் மூடினால் படிப்புக்கு என்ன வழி? திட்டம் எழுத உதவுங்கள்

கொருக்குப்பேட்டை டீச்சர்

வணக்கம். வடசென்னையில் உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு, ஏழு, எட்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். மொத்தம் 186 பிள்ளைகள். பாதிப் பேர் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய தெருக்களில் இருந்து வருகிறவர்கள். மழையில் பள்ளி வாரக்கணக்கில் மூடினால் படிப்பு எப்படித் தொடரும் என்று ஒரு திட்டம் எழுதும்படி எச்.எம். என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பதுதான் காரணம்.

இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆன்லைன் வகுப்பு, மாலையில் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம், பள்ளி திறந்த பிறகு சனிக்கிழமைகளில் ஈடு செய்யும் வகுப்பு. படித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவிலேயே கரண்ட் வர நாட்கள் ஆயின. என் போனே செத்துக் கிடந்தது. அதை நினைத்தால் நான் எழுதியதை நானே நம்பவில்லை. என்ன மாற்றலாம்?

பெரம்பூர்ப் பையன்

டீச்சர், ஆன்லைன் வகுப்பை எடுக்காதீர்கள். கொரோனா காலத்தில் எல்லாரும் பழகிவிட்டோம். வீடியோவைப் பதிவு செய்து குழுவில் போட்டுவிட்டால் போதும், நேரம் கிடைக்கும்போது பார்ப்பார்கள். பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு இருக்கிறது, கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. பவர் பேங்க் ஒன்று இருந்தால் வேலை முடிந்தது.

ஓய்வு பெற்ற எச்.எம்.

தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. மற்றப் பாதி கரண்ட் இருக்கிற ஊருக்குச் சரி.

வடசென்னையில் தண்ணீர் நின்றால் முதலில் போவது கரண்ட்தான். தெருவோரத்தில் நிற்கிற பில்லர் பாக்ஸ் முழுகும், இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும் என்று மின்வாரியமே நிறுத்திவிடும். அப்புறம் செல்போன் டவரின் பேட்டரி தீரும். அதாவது பள்ளி மூடுகிற முதல் வாரத்தில், எந்த நாட்களுக்காகத் திட்டம் எழுதுகிறோமோ அந்த நாட்களில், போன் இருக்காது. கரண்ட் வந்து போன் உயிர் பெறும்போது பெரும்பாலும் பள்ளியும் திறந்துவிடும்.

2015 வெள்ளத்தின்போது நான் எச்.எம். நவம்பர் இரண்டாம் வாரம் பள்ளி மூடியது. நடுவில் சில நாள் திறந்து மூடியதைத் தவிர்த்தால், ஒழுங்காக வகுப்பு நடந்தது டிசம்பர் 14-க்குப் பிறகுதான். அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளினார்கள். அந்த ஒரு மாதத்தில் எங்கள் கையில் எந்தத் திட்டமும் இல்லை. அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் மூடும் காலத்தைத் துண்டு போடுங்கள். முதல் மூன்று நாள் படிப்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள். வீட்டில் தண்ணீர் புகுந்தவர்கள் அரிசியைத் தூக்கி மேலே வைப்பார்களா, நோட்டைத் திருப்புவார்களா? அந்த மூன்று நாளில் ஆசிரியருக்கு ஒரே வேலைதான், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. நான்காம் நாளில் இருந்து தாளில் படிப்பு. பத்து நாளைத் தாண்டினால் தண்ணீர் வடிந்த தெருக்களில் சின்னச் சின்னக் கூட்டமாக உட்கார வைத்துப் படிப்பு. திறந்த பிறகு முதல் வாரம் தனிக்கதை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

இதில் எல்லாமே நிற்பது ஒரு பட்டியலின் மேல்தான். வகுப்புவாரிப் பட்டியல் இல்லை, தெருவாரிப் பட்டியல். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீடு தரைத்தளமா மாடியா, தண்ணீர் வந்தால் எங்கே போவார்கள், பகலில் வீட்டில் போன் இருக்குமா என்று மூன்றே கேள்வி. இதைச் செப்டம்பரில் கேளுங்கள். மழை வந்த பிறகு கேட்க ஆளே கிடைக்காது.

ராயபுரம் அப்பா

நாளைக்கு லீவு விடுவார்களா? காலை ஆறரை வரை டிவியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. போன மழையில் பிள்ளைக்கு யூனிபார்ம் போட்டு, டிபன் கட்டி, ஆட்டோவில் ஏற்றிய பிறகு லீவு என்றார்கள்.

வியாசர்பாடி அக்கா

அண்ணே, இங்கே பேசுவது அது இல்லை. லீவு விட்ட பிறகு என்ன செய்வது என்று பேசுகிறார்கள்.

டீச்சர், நான் இல்லம் தேடிக் கல்வியில் இரண்டு வருஷம் தன்னார்வலராக இருந்தவள். எச்.எம். ஐயா சொன்ன தெருப் பட்டியலோடு தெருவுக்கு ஒரு ஆளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆசிரியர் தாம்பரத்திலோ ஆவடியிலோ இருப்பார், மழையில் அவர் வந்து சேர மாட்டார். தெருவிலேயே பிளஸ் டூ முடித்த ஒரு பெண் இருப்பாள், அவளுக்குத்தான் எந்தப் பிள்ளை எந்த வீட்டு மாடியில் இருக்கிறது என்று தெரியும். என் குழுவில் பதினெட்டுப் பிள்ளைகள். மிக்ஜாம் சமயத்தில் இரண்டாம் நாளே பதினெட்டுப் பேரும் எங்கே என்று எனக்குத் தெரியும். அவர்கள் பள்ளிக்குத் தெரியாது, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

கொருக்குப்பேட்டை டீச்சர்

எச்.எம். ஐயா, அந்த மூன்று கேள்வியை இந்த வாரம் கேட்டு முடித்தேன். பகலில் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பது 61 பேருக்கு. அப்பாவோ அண்ணனோ வேலை முடிந்து வந்தால்தான் போன் என்பது 117 பேருக்கு. போனே இல்லாதவர்கள் எட்டுப் பேர். என் ஒன்பது மணி ஆன்லைன் வகுப்புக்கு மூன்றில் ஒருவர்தான் வந்திருப்பார்கள், அதுவும் கரண்ட் இருந்தால். ரீசார்ஜ் தீர்ந்துபோன வீடுகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. 23 பிள்ளைகள் தண்ணீர் வந்தால் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்களாம். பள்ளி திறந்தாலும் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்புவார்கள் என்கிறார்கள்.

சரி, தாள் என்றால் என்ன தாள்? ஒவ்வொரு வகுப்புக்கும் ஐந்து பாடம் போட்டால் ஜெராக்ஸ் செலவுக்குப் பள்ளி தாங்காது.

ஓய்வு பெற்ற எச்.எம்.

ஐந்து பாடம் வேண்டாம். மொழியும் கணக்கும் மட்டும். ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு பக்கம். அறிவியலும் சமூக அறிவியலும் மூன்று வாரம் காத்திருக்கும். வாசிப்பும் கணக்கும் காத்திருக்காது, கை விட்டால் வழுக்கிவிடும்.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், பத்து வேலைநாளுக்கு இருபது பக்கம். முன்னும் பின்னும் அடித்தால் பத்துத் தாள். 186 பிள்ளைக்கு 1,860 தாள், அதாவது ஐந்நூறு தாள் கட்டாக வாங்கினால் நாலு கட்டுக்கும் கொஞ்சம் குறைவு. கெட்டுப்போவதற்கும் நனைவதற்கும் சேர்த்து ஐந்து கட்டு வாங்குங்கள். பள்ளிப் பிரிண்டர் இருந்தால் அதிலேயே அடிக்கலாம்.

வகுப்புவாரியாகத் தயாரிக்காதீர்கள். நிலைவாரியாக மூன்று வகைத் தாள் கட்டு போதும். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களுக்கு ஒன்று, ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசித்து நான்கு செயல்களும் போடுகிறவர்களுக்கு ஒன்று, அதற்கு மேலே உள்ளவர்களுக்கு ஒன்று. உங்கள் ஏழாம் வகுப்பிலேயே மூன்று நிலைக்கும் ஆள் இருப்பார்கள், உங்களுக்குத் தெரியாததா? மேல்நிலைக் கட்டில் மட்டும் வகுப்புக்கு ஏற்றபடி கணக்குப் பக்கங்களை மாற்றுங்கள்.

மாதவரம் மிஸ்

ஐயா மன்னிக்கவும், இதை நான் ஏற்கவில்லை. ஏழாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக்கூட்டுகிற தாளைக் கொடுத்தால் அதைத் தெருவில் தம்பி பார்ப்பான், கேலி செய்வான். அந்தப் பையன் தாளைக் கால்வாயில் போட்டுவிடுவான். நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிட, பாடத்திட்டம் என்ன ஆவது? முப்பருவத்தில் இரண்டாம் பருவம் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே மூன்று மாதம்தான். அடி விழுவது எப்போதும் அதே புத்தகத்துக்கு. எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் அந்தப் பருவத்தின் பாதியைத் தொடவே இல்லை. அடுத்த வருஷ ஆசிரியர் வந்து என்னைத்தான் திட்டினார்.

ஓய்வு பெற்ற எச்.எம்.

கேலி விஷயம் நியாயம். நான் அதில் சறுக்கியவன்தான். முதல் முறை மேலே ‘நிலை 1’ என்று அச்சடித்துக் கொடுத்தோம், பாதித் தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தது. அடுத்த முறை எண்ணை எடுத்துவிட்டு, ஓரத்தில் மீன், படகு, நண்டு என்று படம் போட்டோம். சின்னப் பிள்ளைப் படக்கதையைப் பெரியவனுக்குக் கொடுக்காமல், கபடிப் போட்டி, பஸ் டிக்கெட், மீன் விலை என்று எளிய சொற்களில் எழுதினோம். முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பாடத்திட்டத்துக்கு வருகிறேன். இரண்டாம் பருவத்தில்தான் அடி விழும் என்று தெரிந்த பிறகு, அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து வரிசையாக நடத்துவது ஏன்? அக்டோபரில் பருவம் தொடங்கும்போதே அந்தந்தப் பாட ஆசிரியர் புத்தகத்தை எடுத்து, எது விட்டால் பின்னால் இடிக்கும் என்று குறிக்கட்டும். அதை முதல் நான்கு வாரத்தில் முடித்துவிடுங்கள். மற்றவை மழைக்குக் காத்திருக்கட்டும்.

கொருக்குப்பேட்டை டீச்சர்

இதை உடனே போட்டுப் பார்த்தேன். ஏழாம் வகுப்புக் கணக்கில் மூன்றாம் பருவத்தில் சதவீதம், தனிவட்டி வருகிறது. தசம எண் பிடிபடாத பிள்ளை அங்கே வந்து நின்றுவிடும். அதனால் தசமம் முதல் வாரத்திலேயே. வட்டத்தின் சுற்றளவு, பரப்பளவு முக்கியம்தான், ஆனால் எட்டாம் வகுப்பில் வட்டம் மறுபடி வருகிறது. அது தவறினால் ஜனவரியில் இரண்டு பீரியடில் அடிப்படையைத் தொட்டுவிடலாம். தகவல் செயலாக்கத்தில் புதிர் மாதிரி உள்ள பக்கங்களைத் தாள் கட்டிலேயே வைத்துவிட்டேன், அதற்கு ஆசிரியரே தேவையில்லை.

இப்படிப் பிரித்தபோது ஒன்று புரிந்தது. வீட்டுக்குப் போகும் தாளில் புதுப் பாடம் எதுவும் இருக்கக் கூடாது. நான் முதலில் பின்னப் பெருக்கலைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் வரியிலேயே ‘மிஸ், இது என்ன?’ என்றாள். வெள்ளத்தில் அவள் யாரைக் கேட்பாள்?

பெரம்பூர்ப் பையன்

டீச்சர், நான் பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், முழுசாக இல்லை. மாலையில்தான் போன் என்று 117 பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு வீடியோ வேண்டாம். இரண்டு நிமிஷம் உங்கள் குரலைப் பதிவு செய்து போடுங்கள். ‘இன்றைக்கு ஐந்தாம் பக்கம், இரண்டாவது கணக்கில் கடன் வாங்கும்போது கவனம்’ என்று மட்டும். சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் இறங்கிவிடும். போன் இல்லாத எட்டுப் பேர் தெரு அக்காவின் போனில் கேட்கட்டும்.

ஓய்வு பெற்ற எச்.எம்.

இது நல்ல யோசனை தம்பி. தாளுக்குத் துணையாகக் குரல். ஆனால் குரலைக் கேட்காத பிள்ளையும் தாளை மட்டும் வைத்து முடிக்க முடிய வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணலி புதுநகர்க்காரன்

எங்கள் பக்கம் கதையே வேறு. உங்களுக்கு மழை பெய்யும்போது தண்ணீர் நிற்கும். எங்களுக்கு மழை விட்ட பிறகு, பூண்டியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வரும். நகரம் முழுக்க வெயில் அடிக்கும், பள்ளி திறந்திருக்கும், எங்கள் தெரு மட்டும் முழுகியிருக்கும். 2023-இல் எண்ணூரில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. என் மச்சான் வீட்டுச் சுவரில் அந்தக் கறுப்புக் கோடு எத்தனை நாள் இருந்தது தெரியுமா? பிள்ளைகளும் கூடவே நின்று கழுவினார்கள். அந்த நாட்களில் பள்ளிக்கு வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டார்கள்.

அதனால் ‘பள்ளி மூடினால்’ என்று மட்டும் எழுதாதீர்கள். பள்ளி திறந்திருக்க, தெரு மூடியிருந்தால் என்ன என்றும் எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை டீச்சர்

அண்ணா, இது என் மனதிலேயே இல்லை. சேர்த்துவிட்டேன். ஒரு தெருவில் ஐந்து பிள்ளைக்கு மேல் தண்ணீரால் வர முடியவில்லை என்று தெரு அக்கா சொன்னால், அந்தத் தெருவுக்கு மட்டும் தாள் கட்டு அன்றே திறக்கப்படும். செங்குன்றம் போகிற 23 பேருக்கும் இதே வழிதான், அவர்கள் கட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். வருகைப் பதிவேட்டில் என்ன போடுவது என்பதற்கு எச்.எம். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் பதில் வரவில்லை.

மாதவரம் மிஸ்

பதில் வந்தால் இங்கேயும் போடுங்கள். தாளில் படித்த நாளை வேலைநாளாக எடுத்துக்கொள்வார்களா என்பதும் தெரிய வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் இருக்க வேண்டும். எடுத்துக்கொள்ளாவிட்டால் சனிக்கிழமைதான் வழி. பதினைந்து சனிக்கிழமை தொடர்ந்து வைத்தால் பிள்ளைகள் வருவார்களா? எங்கள் பள்ளியில் மூன்றாவது சனிக்கிழமைக்கே வகுப்பு பாதி காலி.

வியாசர்பாடி அக்கா

வருவார்கள் மிஸ், சாப்பாடு போட்டால் வருவார்கள். சனிக்கிழமையும் சத்துணவு உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளி மூடிய நாளில் எத்தனை பிள்ளைக்குக் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்து போகிறது என்று யோசியுங்கள். நான் தெருவில் பிள்ளைகளை உட்கார வைத்தபோது பதினொன்றரைக்கு மேல் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். பசி. பிறகு எதிர் வீட்டு ஆயா சுண்டல் கொடுக்க ஆரம்பித்தார், அப்புறம்தான் பன்னிரண்டரை வரை ஓடியது.

அதோடு தாள் கட்டை எப்போது கொடுப்பீர்கள்? தண்ணீர் வந்த பிறகு எந்த ஆசிரியரையும் தெருவுக்குள் இறக்காதீர்கள். மூடி திறந்த சாக்கடை கண்ணுக்குத் தெரியாது.

கொருக்குப்பேட்டை டீச்சர்

அக்டோபர் முதல் வாரமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் முன்கூட்டியே கொடுத்தால் பாதிப் பேர் தீபாவளிக்குள் எழுதி முடித்துவிடுவார்கள், மீதிப் பேர் தொலைத்துவிடுவார்கள். பள்ளியில் வைத்தால் எங்கள் பள்ளி நிவாரண முகாம் ஆகிவிடுகிறது. போன தடவை தரைத்தளம் முழுக்க மக்கள், மாடியில் அரிசி மூட்டை. பீரோவைத் திறக்கவே முடியவில்லை.

ஓய்வு பெற்ற எச்.எம்.

முகாம் என்றால் திறப்பு இன்னும் தள்ளிப்போகும், அதையும் கணக்கில் வையுங்கள். மக்கள் வீடு திரும்பிய பிறகு வகுப்பறை கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, கழிப்பறை சரிசெய்து, குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்ய எங்களுக்கு மூன்று நாள் ஆனது. முகாமாக எடுக்கும்போதே மாடியில் ஒரு அறையை மட்டும் பூட்டி வைத்துக்கொள்ள அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேளுங்கள். பதிவேடுகளும் அங்கேதான் இருக்க வேண்டும்.

தாள் கட்டை இரண்டாகப் பிரியுங்கள். முதல் ஐந்து நாள் தாள் அக்டோபர் மத்தியில் பிள்ளை கையில், ஒட்டிய பிளாஸ்டிக் கவரில், பாடப்புத்தகத்தையும் அதே கவரில் போடச் சொல்லி. அடுத்த ஐந்து நாள் தாள் தெரு அக்காவிடம், தண்ணீர் ஏறாத மாடியில். முதல் கட்டை எழுதி எடுத்து வந்தால்தான் இரண்டாவது. அப்போது ஒன்று தெரிந்துவிடும். நாலாம் பக்கத்தோடு எல்லாரும் நிறுத்தியிருந்தால் ஐந்தாம் பக்கம் கடினம் என்று அர்த்தம். பத்துப் பிள்ளையின் தாளில் ஒரே கையெழுத்து என்றால் ஒரு அக்காவோ அண்ணனோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். திட்டாதீர்கள், அந்த அண்ணனைத் தெரு ஆளாக்குங்கள்.

திறந்த பிறகு உள்ளதைச் சொல்கிறேன் என்றேன் இல்லையா? முதல் மூன்று நாள் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, நாலு கணக்கு போடச் சொல்லுங்கள். ஆளுக்கு எட்டு நிமிஷம். முப்பது பேர் வகுப்புக்கு நாலு மணி நேரம், மூன்று நாளில் முடிந்துவிடும். மற்றப் பிள்ளைகள் அதுவரை வெள்ளத்தில் பார்த்ததை வரையட்டும், எழுதட்டும். 2015-இல் நான் இதைச் செய்யவில்லை. திறந்த அன்றே விட்ட பாடத்தைத் துரத்தினோம். ஜனவரித் தேர்வில் கழித்தலில் கடன் வாங்குவதையே மறந்திருந்தார்கள். நவம்பரில் தெரிந்த பிள்ளைகள் அவர்கள்.

மாதவரம் மிஸ்

மூன்று நாளா? திறந்த உடனே அரையாண்டுத் தேர்வு என்றால் எந்த நிர்வாகம் அதற்கு ஒத்துக்கொள்ளும்? சொல்வதற்கு நன்றாக இருக்கிறது, எனக்கு ஒரு நாள் கூடக் கிடைக்காது.

ஓய்வு பெற்ற எச்.எம்.

ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் வாசிக்கத் தடுமாறுகிற பத்துப் பேரை மட்டும் கூப்பிடுங்கள். யார் என்று உங்களுக்கு முன்பே தெரியும்.

ராயபுரம் அப்பா

இப்போதுதான் மேலே இருந்து படித்தேன். என் பிள்ளை பள்ளியில் இப்படி ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் நாற்பது பக்கம் பி.டி.எப். அனுப்பினார்கள், அதை மொபைலில் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதியது யார் தெரியுமா? நான்தான்.

டீச்சர், அந்த இரண்டாவது கட்டு வைக்க இடம் வேண்டுமா? எங்கள் வீடு இரண்டாவது மாடி, உங்கள் பக்கம்தான். 2015-இல் கூட ஏறவில்லை.

கொருக்குப்பேட்டை டீச்சர்

வேண்டும் அண்ணா, மிக்க நன்றி. உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர், ஆளுக்கு ஐந்து தாள், ஒரு சின்ன அட்டைப்பெட்டிதான். ஆனால் உங்கள் தெருமுனையில் தண்ணீர் நின்றால் பிள்ளைகள் எந்தப் பக்கமாக வந்து வாங்குவார்கள்? அந்தச் சந்து வழி மேடா பள்ளமா என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நடந்து பார்க்கிறேன்.